முட்டம் பக்கம் ஷெட் போடப் போறீங்களா? ரெட் ஆக்சைடு, மாஸ்டிக், பிளாஸ்டிங், கால்வனைசிங் நாலையும் வச்சு ஒரு கணக்கு

எங்க மச்சான் ஒருத்தருக்கு போட் இருக்கு, முட்டத்துல கடலுக்கு இருநூத்தம்பது மீட்டர் தள்ளி ஐஸும் வலையும் வைக்க ஒரு ஷெட் போடுதாரு. 12 மீட்டருக்கு 24 மீட்டர், பைப் டிரஸ், பைப் தூண், மொத்தம் 8 டன் இரும்பு. பெயிண்டிங்குக்கு மட்டும் நாலு கொட்டேஷன் வந்து கிடக்கு, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல. ஒருத்தர் ரெட் ஆக்சைடு ரெண்டு கோட்டு எனாமல் ரெண்டு கோட்டு, இன்னொருத்தர் சைட்லயே எமரி போட்டு எபாக்சி மாஸ்டிக், மூணாவது ஆளு நாகர்கோவில் சைடுல யார்டுல வச்சு பிளாஸ்ட் பண்ணி, அதாவது காத்தழுத்தத்துல துகள அடிச்சு சுத்தம் பண்ணி, ஜிங்க் பிரைமர்ல ஆரம்பிச்சு மூணு கோட்டு, நாலாவது ஆளு எல்லாத்தையும் கால்வனைஸ் பண்ணிருங்க பெயிண்டே வேண்டாம்னு. எது நல்லதுன்னு என்கிட்ட கேக்காரு. கேள்வியே கொஞ்சம் மாத்திக் கேக்கணும், எந்தப் பெயிண்ட் நல்லதுன்னு பாக்குறத விட அந்த இடத்துல இரும்ப எந்த அளவுக்கு சுத்தம் பண்ண முடியும்னு முதல்ல முடிவு பண்ணிட்டா பெயிண்டு தானா வந்து நிக்கும், நாலு கொட்டேஷனையும் நான் அப்படித்தான் பாத்தேன்.

முதல்ல பெயிண்ட் அடிக்க வேண்டிய ஏரியா. பைப் சுவர் சராசரி 4 மில்லிமீட்டர்னு வச்சா ஒரு டன்னுக்கு வெளிப்பக்கம் ஏறக்குறைய 32 சதுர மீட்டர் வரும், 8 டன்னுக்கு 250 சதுர மீட்டர்னு வச்சுக்கலாம். ஷெட்டோட தரை ஏரியாவ வச்சு பெயிண்டிங் ரேட் பேசுற ஆளுங்க இருக்காங்க, அத ஒத்துக்காதீங்க, டிரஸ்ல எத்தனை பைப் குறுக்கும் நெடுக்கும் போகுதுன்னு அதுல தெரியாது. பைப்பு மெலிசா இருந்தா டன்னுக்கு ஏரியா கூடும், அதே மெலிசான பைப்புதான் துரு பிடிச்சா சீக்கிரம் ஓட்டையும் ஆகும்.

இடத்தப் பத்தி கொஞ்சம் சொல்லணும். ஐஎஸ்ஓ 12944ங்கிற ஸ்டாண்டர்டுல சூழல சி1ல இருந்து சி5 வரை பிரிச்சிருக்காங்க, அதுக்கும் மேல கடலுக்குள்ள நிக்குற கட்டுமானத்துக்கு சிஎக்ஸ்னு ஒண்ணு. நம்ம முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம், சின்னமுட்டம் கரையெல்லாம், அலை உடையுற சத்தம் கேக்குற தூரத்துக்குள்ள இருந்தா, சி5னு வச்சுத்தான் நான் எழுதுவேன். சி5ல வெறும் இரும்பு முதல் வருஷமே 80ல இருந்து 200 மைக்ரான் வரை தேயும்னு ஸ்டாண்டர்டு சொல்லுது. நாகர்கோவில் டவுனுக்குள்ள நிக்குற ஷெட்டுக்கும் இதுக்கும் ஒரே ஸ்பெக் எழுதுறது சரியில்ல, அங்க போதுமானது இங்க பத்தாது.

அதோட நமக்கு மழை ரெண்டு தடவை. ஜூன்ல தென்மேற்கு, அக்டோபர்ல வடகிழக்கு. மழை இரும்புக்குக் கெடுதின்னு எல்லாரும் நினைக்காங்க, ஆனா கடற்கரையில மழை படுற முகம்தான் தப்பிக்கும், உப்ப கழுவிட்டுப் போயிருது. கூரைக்கு அடியில டிரஸோட மேல்பக்கம், ஷீட்ட தாங்குற பர்லினுக்கும் ஷீட்டுக்கும் நடுவுல உள்ள இடுக்கு, தூணோட நிழல் பக்கம், இங்கெல்லாம் காத்து கொண்டு வர்ற உப்பு படிஞ்சுக்கிட்டே இருக்கும், கழுவ ஆள் இல்ல, ராத்திரி ஈரத்துல அது கசிஞ்சு இரும்ப தின்னும். ஏதாவது பழைய ஷெட்டுக்குள்ள போயி அண்ணாந்து பாருங்க, வெளியில இருக்குற தூணு பரவாயில்லாம இருக்கும், உள்ள டிரஸ் ஜாயிண்டுல துரு தகடு தகடா தொங்கும். உள்பக்கம்தானேன்னு ஒரு கோட்டு கொறைக்குறவங்கள ஏன் நான் விடமாட்டேங்கேன்னா இதுக்குத்தான்.

இனி ரெட் ஆக்சைடு எனாமல். இத சீக்கிரம் முடிச்சிரலாம். வயர் பிரஷ் போட்டு தேச்சு அடிக்குற இந்த முறையில ஒரு கோட்டுக்கு 25ல இருந்து 35 மைக்ரான் வரை நிக்கும், நாலு கோட்டு சேர்ந்தா 120 பக்கம். வீட்டு கேட்டுக்கு, கடலுக்குத் தள்ளி உள்ள ஊருல நிக்குற கார் ஷெட்டுக்கு போதும். கடற்கரையில இதுக்கு ரெண்டு பிரச்சினை. புது இரும்பு மேல நீலமும் கருப்புமா ஒரு தோல் இருக்கும்லா, மில் ஸ்கேல், அது வயர் பிரஷுக்கு அசையாது, அது மேலயே பெயிண்ட் அடிச்சா கொஞ்ச நாள்ல அந்த தோல் கழண்டு வரும்போது பெயிண்டையும் சேர்த்துக்கிட்டு வரும். ரெண்டாவது, எனாமல் எண்ணெய்ல செஞ்ச பெயிண்டு, ஈரத்தையும் உப்பையும் நிறுத்துற சக்தி அதுக்கு கம்மி, 120 மைக்ரான்ல நிக்கவே நிக்காது. கொட்டேஷன்ல இது ரொம்ப சல்லிசா தெரியும், ஆனா ஒவ்வொரு தடவையும் சாரம் கட்டி ஐஸையும் வலையையும் வெளிய எடுத்து தொழில நிறுத்தி அடிக்கணும், அந்தக் காசு யாரும் கொட்டேஷன்ல போட மாட்டாங்க. மச்சானுக்கு இத வேண்டாம்னு முதல்லயே சொல்லிட்டேன்.

அடுத்து மாஸ்டிக். இது மோசமான சரக்கு இல்ல, தப்பான இடத்துல போடுறதுதான் பிரச்சினை. சர்ஃபேஸ் டாலரன்ட் எபாக்சின்னு சொல்லுவாங்க, எமரியும் பவர் பிரஷும் போட்டு எஸ்டி 3ங்கிற அளவுக்கு, அதாவது உதிர்ற துரு எல்லாம் போயி இரும்போட மினுக்கம் தெரியுற வரைக்கும் தேச்சு, 125ல இருந்து 150 மைக்ரானா ரெண்டு கோட்டு, மேல பாலியூரித்தேன், சுருக்கமா பியூ, ஒரு கோட்டு 60. எண்ணிக்கைய பாத்தா மொத்தம் 310ல இருந்து 360 வருது. ஸ்டாண்டர்டுல சி5க்கு, பதினஞ்சுல இருந்து இருபத்தஞ்சு வருஷம்ங்கிற வகைக்கு, ஜிங்க் இல்லாத எபாக்சி சிஸ்டத்துக்கு 300 மைக்ரான் போட்டிருக்கு, அப்ப இது பாஸ்தானேன்னு அந்த கான்ட்ராக்டர் கேக்காரு. இங்கதான் சூட்சுமம். அந்த டேபிள்ல உள்ள 300, பிளாஸ்ட் பண்ணி எஸ்ஏ 2½ வரைக்கும் சுத்தம் பண்ணுன இரும்புக்கு. கையாலயும் எமரியாலயும் தேச்ச இரும்பு மேல அதே 300 போட்டுட்டு அதே ஆயுச கேக்க முடியாது. எமரி மில் ஸ்கேல மினுக்கி விடும், முழுசா எடுக்காது, குழிக்குள்ள இருக்குற துருவையும் உப்பையும் தொடவே தொடாது, அதுக்கு மேல இரும்ப வழவழன்னு ஆக்கி பெயிண்டு பிடிக்க சொரசொரப்பும் இல்லாம பண்ணிரும். பழைய ஷெட்டு, பிளாஸ்ட் பண்ண வழியே இல்ல, பக்கத்துல வீடு இருக்கு, சரக்க நகத்த முடியாதுன்னா மாஸ்டிக் சரியான தேர்வு. புதுசா வெட்டி வெல்டு பண்ணப் போற இரும்புக்கு அத எடுக்குறது நல்ல சான்ஸ கைய விட்டுக் கழிக்குற மாதிரி.

மச்சானுக்கு பக்கத்துலயே ஒரு பழைய சின்ன ஷெட்டும் இருக்கு, அதுக்கு நான் மாஸ்டிக்தான் எழுதிக் கொடுத்தேன். ஆனா முன்னாடி கழுவணும், அந்தக் கழுவலுலதான் எல்லாம் இருக்கு. எமரி போட்டு மினுங்கிக்கிட்டு நிக்குற தூண்ல உப்பு இருக்கான்னு கண்ணுக்குத் தெரியாது. அதுக்கு பிரெஸ்ல் டெஸ்ட்னு ஒண்ணு: ஒரு சின்ன ரப்பர் பேட்ச இரும்பு மேல ஒட்டி, 15 மில்லி டிஸ்டில்டு வாட்டர்ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா சிரிஞ்சுல ஏத்தி எடுத்து ஏத்தி எடுத்து உள்ள இருக்குற உப்ப கரைச்சு, அந்தத் தண்ணியோட கன்டக்டிவிட்டிய மீட்டர்ல பாக்குறது. வழக்கமான பேட்ச் சைஸுக்கு 15 மில்லி தண்ணின்னா, மீட்டர்ல எத்தனை மைக்ரோசீமென்ஸ் கூடுதோ அத ஆறால பெருக்கினா ஒரு சதுர மீட்டர்ல எத்தனை மில்லிகிராம் உப்புன்னு வரும். எமரி போட்டு முடிச்ச தூண்ல தண்ணி 2ல இருந்து 26க்கு போச்சு, 24 கூடிருக்கு, அப்ப 144 மில்லிகிராம். காத்துல நிக்குற இரும்புக்கு சாதாரணமா 50க்கு மேல விட மாட்டாங்க. நல்ல தண்ணி பிரஷர்ல கழுவி, திரும்ப பவர் பிரஷ் போட்டு, திரும்ப கழுவினதுக்குப் பிறகு 7 கூடிச்சு, 42. அப்பத்தான் அடிக்கச் சொன்னேன். இந்த உப்பு மேலயே அடிச்சிருந்தா என்ன ஆகும்னா, பெயிண்டு படலம் வழியா ஈரம் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போகும், உப்பு அந்த ஈரத்த இழுத்து வச்சுக்கும், ஒரு ரெண்டு மழைக்குள்ள கொப்புளம் கொப்புளமா வரும். கொப்புளத்த குத்திப் பாத்தா தண்ணி வரும், நாக்குல வைக்க வேண்டாம், உப்புத்தான்.

இதுல நம்ம ஊர் விஷயம் ஒண்ணு. கழுவுறதுக்கு சைட்ல இருக்குற போர் தண்ணிய எடுக்காங்க, கடலோரத்துல பாதி போருல உப்புத்தண்ணிதான் வரும். கழுவுறோம்னு சொல்லி உப்ப பூசிட்டு வருவாங்க. அதே மீட்டர தண்ணி டேங்குக்குள்ள விட்டுப் பாருங்க, கூடுதலா காட்டுச்சுன்னா டேங்கர்ல கடலுக்குத் தள்ளி உள்ள ஊர்ல இருந்து நல்ல தண்ணி கொண்டு வாங்க. அது கிடைக்குற வரைக்கும் அடிக்காம இருக்குறதே மேல்.

இப்ப கால்வனைசிங். இத எடுத்தவுடனே தள்ளக் கூடாது, நல்ல வாதம் இருக்கு. உருக்குன ஜிங்க் தொட்டியில முக்குறதால பைப்போட உள்பக்கமும் ஜிங்க் பிடிக்கும், விளிம்புல பெயிண்டு மாதிரி மெலியாது, லாரியில உரசினாலும் சீக்கிரம் போகாது. ஆனா எவ்வளவு நாளு? 3ல இருந்து 6 மில்லிமீட்டர் சுவருக்கு சராசரி 70 மைக்ரான் ஜிங்க்தான் ஸ்டாண்டர்டு கேக்குது, 6க்கு மேலன்னா 85. சி5ல ஜிங்க் வருஷத்துக்கு 4.2ல இருந்து 8.4 மைக்ரான் வரை கரையும். 70ஐ அதால வகுத்தா எட்டு வருஷத்துல இருந்து பதினாறு வருஷம். இருவது முப்பது வருஷம் தாங்கும்னு சொல்லுற கதையெல்லாம் உள்நாட்டு கணக்கு, முட்டத்துக்கு அது ஓடாது. வெறும் கால்வனைசிங் போதும்னு சொன்ன ஆள்கிட்ட இந்தக் கணக்க காட்டினோம், அவரு பெயிண்டும் அடிச்சிரலாம்னு மாறிட்டாரு. அடிக்கலாம், ரெண்டும் சேர்ந்தா ஆயுசு நல்லா கூடும், ஆனா ஜிங்க் மேல எனாமல் அடிச்சா அதுல உள்ள எண்ணெயும் ஜிங்கும் சேர்ந்து சோப்பு மாதிரி ஆகி மொத்தமா உரிஞ்சு வரும். லேசா ஸ்வீப் பிளாஸ்ட் பண்ணி, ஜிங்குக்குன்னு உள்ள எபாக்சி போட்டு, மேல பியூ. அப்ப செலவு நாலு கொட்டேஷன்லயும் உச்சிக்கு போயிருது.

அது போக பைப் டிரஸ்ஸ முக்கணும்னா ஒவ்வொரு பைப்புக்கும் காத்துப் போக ஓட்டை போடணும், மூடின பைப்ப முக்கினா உள்ள இருக்குற ஈரம் ஆவியாகி வெடிக்கும், விளையாட்டு இல்ல. டிரஸ் தொட்டி நீளத்துக்குள்ள அடங்கணும், மெலிசான பைப் சூட்டுல வளையலாம், சைட்ல ஒரு வெல்டு கூட வைக்கக் கூடாது, வச்சா அந்த இடத்துல ஜிங்க் எரிஞ்சு போகும். மச்சான் டிரஸ் ஏற்கனவே ஒரே பீஸா டிசைன் பண்ணி வச்சாச்சு. அதனால டிரஸ்ஸும் தூணும் கால்வனைசிங்ல இருந்து வெளிய. போல்ட்டு, நட்டு, ஆங்கர், பர்லின் மட்டும் கால்வனைஸ் பண்ணினது வாங்கச் சொன்னேன், போல்ட்டோட மரைக்குள்ள எந்தப் பெயிண்டும் நிக்காது.

மிச்சம் இருக்குறது மூணாவது, பிளாஸ்ட் பண்ணி மூணு கோட்டு. இதத்தான் எடுத்தோம். ஸ்பெக் இதுதான்: எஸ்ஏ 2½, ஜிங்க் ரிச் எபாக்சி 60 மைக்ரான், மைக்கா அயர்ன் ஆக்சைடு கலந்த எபாக்சி 140, பியூ 60, மொத்தம் 260. ஜிங்க் பிரைமர் உள்ள சிஸ்டத்துக்கு சி5ல பதினஞ்சு டு இருபத்தஞ்சு வருஷத்துக்கு ஸ்டாண்டர்டு கேக்குறதும் இந்த 260தான். இருபத்தஞ்சுக்கு மேல வேணும்னா 320 ஆக்கணும். இந்த வருஷக் கணக்கு கேரண்டி இல்ல, முதல் பெரிய ரிப்பேர் எப்ப வரும்ங்கிறதுக்கு ஒரு மதிப்பு, அவ்வளவுதான், கான்ட்ராக்டர் கிட்ட கேரண்டிய தனியா எழுதி வாங்கணும்.

இந்த மூணு கோட்டுக்கும் ஒவ்வொரு வேலை. கீழ உள்ள ஜிங்க், கீறல் விழுந்தா இரும்புக்குப் பதிலா தான் அரிஞ்சு காப்பாத்தும், ஆனா அதுக்கு ஜிங்க் துகள் இரும்ப நேரா தொடணும், அதனாலதான் எமரி போட்ட துரு மேல ஜிங்க் பிரைமர் அடிக்குறது வீண் செலவு. நடுக்கோட்டுல உள்ள மைக்கா செதில் செதிலா படுத்துக்கிட்டு ஈரம் நேரா உள்ள வராம சுத்திச் சுத்தி வர வைக்கும், கனமும் இதுலதான். மேல பியூ எதுக்குன்னா எபாக்சி வெயிலுக்கு நிக்காது, மாவு மாதிரி உதிரும், நம்ம வெயிலுக்கு கேக்கவே வேண்டாம்.

பிளாஸ்டிங்குக்கு கார்னெட்டுன்னு எழுதுங்க, இது நம்ம மண்ணு, மணவாளக்குறிச்சி கடற்கரை மணல்ல இல்மனைட்டோட சேர்ந்து கிடக்குற அந்த செவப்புத்துகள்தான். அதுக்காக ஒருத்தன் லாரியில கடல் மணல அள்ளிட்டு வந்து அடிக்கேன்னான், விடாதீங்க, கடல் மணல்ல உப்பு இருக்கு, இரும்புக்குள்ளயே அடிச்சு ஏத்திரும், அதுல உள்ள சிலிக்கா தூசி அடிக்குற பையனோட நுரையீரல தின்னுரும். கழுவி உப்புப் பாத்த கார்னெட்டு, நாசில்ல 7 பார் பிரஷர், சொரசொரப்பு 50ல இருந்து 75 மைக்ரான். காத்துல எண்ணெயோ தண்ணியோ வருதான்னு பாக்க கார்னெட்ட நிறுத்திட்டு நாசில் முன்னாடி வெள்ளைத் துணிய ஒரு நிமிஷம் பிடிச்சாப் போதும், கறை விழுந்தா கம்ப்ரெஸர்ல வேலை இருக்கு. எஸ்ஏ 2½ வந்துச்சான்னு ஃபோட்டோ புத்தகத்தோட ஒத்துப் பாக்கணும், சாம்பல் வெள்ளையா இருக்கும், அங்கங்க லேசான நிழல் மாதிரி கறை இருக்கலாம், புள்ளியாவோ கோடாவோ லேசா, அதுக்கு மேல கூடாது.

பிளாஸ்ட் பண்றதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு, அதத்தான் எல்லாரும் விடுதாங்க. பிளாஸ்டிங் வெல்டு தெறிப்ப எடுக்காது, கூர் விளிம்ப மழுக்காது. கட்டிங் எட்ஜ் எல்லாத்தையும் கிரைண்டர் போட்டு 2 மில்லிமீட்டர் ரேடியஸுக்கு உருட்டணும், விட்டு விட்டு வச்ச வெல்ட தொடர்ச்சியா ஆக்கணும், பைப் முனைய மூடணும். கூர் விளிம்புல ஈரப் பெயிண்ட் தன்னால பின்வாங்கும், தட்டையான இடத்துல 260 இருக்கும்போது விளிம்புல பாதி கூட இருக்காது, முதல் துரு அங்கதான் ஆரம்பிக்கும். அதுக்குத்தான் ஸ்ட்ரைப் கோட்டு: ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னாடி விளிம்பு, வெல்டு, போல்ட்டு ஓட்டைய பிரஷ்ஷால ஒரு தடவை அடிச்சுட்டு பிறகு ஸ்ப்ரே. ஸ்பெக்ல தனி வரியா எழுதுங்க, இல்லைன்னா செய்ய மாட்டாங்க.

நேரமும் ஈரமும் அடுத்தது. காத்துல உள்ள ஈரம் தண்ணியா படியத் தொடங்குற சூடுதான் டியூ பாயிண்ட், இரும்போட சூடு அத விட குறைஞ்சது 3 டிகிரி மேல இருக்கணும், காத்து ஈரப்பதம் 85க்கு கீழ. காத்து 28 டிகிரி ஈரப்பதம் 80ன்னா டியூ பாயிண்ட் 24 பக்கம் வரும், அப்ப இரும்பு 27 இருக்கணும். காலைல ஏழு மணிக்கு ராத்திரி குளிர்ல கிடந்த பைப்பு 25 காட்டும், கண்ணுக்குத் தெரியாத ஈரம் அது மேல இருக்கலாம். பத்து மணிக்கு வெயில் ஏறின பிறகு பிளாஸ்ட், சாயங்காலத்துக்குள்ள பிரைமர், பிளாஸ்ட் பண்ணின இரும்ப ராத்திரி விடவே கூடாது. ஜனவரில இருந்து மார்ச் வரைதான் நமக்கு நல்ல காலம். யார்ட பொறுத்தவரை கடல்ல இருந்து தள்ளி இருந்தாப் போதும், ஆனா ஆரல்வாய்மொழி பக்கம் வேண்டாம்னு சொன்னேன், அங்க ஆடி காத்துல ஸ்ப்ரே அடிச்சா பெயிண்டு காத்தாடிக்குத்தான் போகும்.

ஜிங்க் பெயிண்ட்ல கவனிக்க வேண்டியது, ஜிங்க் பயங்கர கனம், கலக்கி வச்சாலும் அடியில உக்காந்துக்கிட்டே இருக்கும். ஸ்ப்ரே அடிக்கும்போது டிரம்ல கலக்கி ஓடிக்கிட்டே இருக்கணும். நிறுத்திட்டா மேல உள்ளது தண்ணியா போகும், கேஜ்ல மைக்ரான் சரியா காட்டும், ஜிங்க் மட்டும் இருக்காது. வேலை முடிஞ்ச பிறகு டப்பா அடிய கம்பால குத்திப் பாருங்க, கட்டியா உக்காந்திருந்தா அந்த டப்பா வேலைய நம்ப முடியாது.

இனி கனத்த எப்படி பாக்குறது. நடுக்கோட்டு 140 வேணும், டப்பாவுல வால்யூம் சாலிட்ஸ், அதாவது காஞ்ச பிறகு மிஞ்சுற பங்கு, 70 சதவீதம்னு போட்டிருந்தா ஈரத்துல 200 அடிக்கணும். ஈரமா இருக்கும்போதே சீப்பு மாதிரி உள்ள கேஜ்ல பாக்குறது பெயிண்டரோட வேலை, காஞ்ச பிறகு பாத்து ஆகப் போறது கம்மி. பத்து சதவீதம் தின்னர் ஊத்தினா 200 இல்ல, 220 அடிக்கணும், இத யாரும் கணக்குல எடுக்குறதில்ல. எவ்வளவு பெயிண்டு வேணும்னா, ஒரு லிட்டர் 70 சதவீத சரக்கு 140 மைக்ரான்ல 5 சதுர மீட்டர் வரும், 250 சதுர மீட்டருக்கு 50 லிட்டர், அது ஒரு சொட்டும் சிந்தாம. பைப் டிரஸ்ல ஸ்ப்ரே பாதி காத்துல போகும், 40 சதவீதம் வீண்னு வச்சா 83 லிட்டர். காலி டப்பாவ எண்ணுங்க. 40 லிட்டர்ல முடிச்சிட்டேன்னு ஒருத்தர் சொன்னா கேஜ் வைக்காமலே சொல்லிரலாம், 140 அதுல இருக்க வழியே இல்ல.

கேஜ் வைக்கும்போது இன்னொரு கள்ளத்தனம். வழவழ தகடு மேல கேலிபிரேட் பண்ணின கேஜ, சொரசொர இரும்பு மேல வச்சா பள்ளத்தையும் சேர்த்து கனமா காட்டும். இந்த அளவு சொரசொரப்புக்கு 25 மைக்ரான் கழிக்கணும்னு ஐஎஸ்ஓ 19840 சொல்லுது. அதாவது கேஜ்ல 260 காட்டினா உண்மையில 235தான், 285 காட்டினாத்தான் 260. இருபத்தஞ்சு மைக்ரான் பெரிசா தெரியாது, ஆனா அது பியூவோட பாதிக்குக் கிட்ட. கழிச்ச பிறகு பாஸ் ஃபெயில் இப்படி: சராசரி 260க்கு குறையக் கூடாது, எந்த ஒரு ரீடிங்கும் 208க்கு கீழ வரக் கூடாது, 208க்கும் 260க்கும் நடுவுல விழுறது மொத்த ரீடிங்ல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல போகக் கூடாது. சராசரி மட்டும் பாத்து கையெழுத்து போட்டா தட்டையான இடத்துல 400, டிரஸ் ஜாயிண்டுக்குப் பின்னால 120ன்னு இருக்கும், சராசரி அழகா 260 வரும். கேஜ பெயிண்டர் கையில கொடுத்து எங்க வேணும்னாலும் வைன்னு சொன்னா அவரு தூண் நடுவுலதான் வைப்பாரு, நீங்க ஜாயிண்டுக்குப் பின்னாடி வைங்க. ரொம்ப கனமும் ஆகாது, ஜிங்க் கோட்டு தடிச்சா உள்ளயே பிளந்து வரும், எபாக்சி தடிச்சா தின்னர் உள்ள மாட்டிக்கிட்டு இளகலா நிக்கும்.

ஒரு சண்டை இங்க வந்துச்சு. கான்ட்ராக்டர் பியூவ சைட்ல, ஷெட் நின்ன பிறகு அடிக்கேன், கலர் ஒரே மாதிரி இருக்கும், கீறலும் மறையும்னாரு. கேக்க நியாயமா இருக்கு. ஆனா யார்டுல இருந்து வந்த டிரஸ் முட்டத்துல ஏத்தி முடிக்குற வரை உப்பு காத்துல நிக்கும், நடுக்கோட்டுக்கும் பியூவுக்கும் நடுவுல உப்பு மாட்டும், பியூ பிறகு தோல் மாதிரி உரியும். எபாக்சி மேல பியூ அடிக்க ஒரு கால வரம்பும் உண்டு, டேட்டா ஷீட்ல போட்டிருக்கும், அது தாண்டினா முழுசா எமரி பேப்பர் போட்டு சொரசொரப்பாக்கணும், டிரஸ் உச்சியில ஏறி எவன் தேப்பான்? அதனால மூணு கோட்டும் யார்டுலயே, நல்லா காய்ஞ்ச பிறகு சங்கிலிக்குப் பதிலா நைலான் பெல்ட்டுல தூக்குங்க, லாரியில மரக்கட்டை வைங்க. கீறல் விழும், விழுந்த இடத்த மட்டும் நல்ல தண்ணியில கழுவி, இரும்பு தெரிஞ்சா எமரி போட்டு, ஓரத்த சரிவா தேச்சு, மாஸ்டிக் ரெண்டு கோட்டு மேல பியூ. இங்க ஜிங்க் பிரைமர் வேண்டாம், எமரி போட்ட இடத்துல அது பிரயோஜனப்படாதுன்னு மேலயே சொன்னேன்லா.

அடிப்பாகத்துக்கு தனியா ஒரு வரி. ஐஸ் உருகுற தண்ணியும் மீன் கழுவுற கடல் தண்ணியும் தூண் அடியிலதான் வந்து நிக்கும், அது காத்து இல்ல, கிட்டத்தட்ட முங்கின நிலை. பேஸ் பிளேட்ட தரையில இருந்து 300 மில்லிமீட்டராவது உயர்த்தின கான்கிரீட் பீடத்து மேல வைக்கச் சொன்னேன், பீடத்து மேல்முகத்துல தண்ணி நிக்காம சரிவு, தூணோட கீழ் ஒரு மீட்டருக்கு நடுக்கோட்டு இன்னொண்ணு, அதாவது அங்க மட்டும் 400. மச்சான் இதுக்குத்தான் முகத்த சுளிச்சாரு, பீடம் வச்சா வண்டி திருப்ப இடிக்குமாம். வண்டிக்கு ஒரு மூலைத் தூண தள்ளி வரைஞ்சு கொடுத்திருக்கேன், டிரஸ் கட்டிங் ஜனவரில ஆரம்பிக்குது.